கறுப்பு டை அடித்த முடியில் கேரமல் பலயாஜ் | வெள்ளவத்தை, கொழும்பு

ஃபில்டர் இல்லை, ரிங் லைட்டும் இல்லை. சலூன் வாசலில் பின்னேர வெயிலில் எடுத்த வீடியோதான் இது. அக்கா தலையைத் திருப்பும்போது பாருங்கள், வேரில் அவருடைய சொந்தக் கறுப்பு அப்படியே இருக்க, காதுக்குக் கீழே பிரவுணாகி, நுனிக்கு வரும்போது கேரமலாக வெளுக்கிறது, எங்கேயும் கோடு கிழித்த மாதிரித் தெரியவில்லை. வேரைத் தொடாததால் முடி வளர வளர டச் அப் செய்ய ஓடிவரவும் தேவையில்லை, அதனால்தான் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பலயாஜைத்தான் முதலில் சொல்வோம்.

இது பல வருடமாக வீட்டிலேயே கறுப்பு டை அடித்த முடி. "நேரே பிரவுண் ஹெயார் கலர் பூசினால் என்ன?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பூசினாலும் தெரியாது, ஏனென்றால் ஏற்கெனவே ஏறிய டையைப் புதுக் கலரால் வெளுக்க முடியாது, முதலில் ப்ளீச் போட்டுத்தான் இறக்க வேண்டும். இறக்கும்போது எங்கள் மாதிரிக் கறுத்த முடி தோடம்பழ நிறத்தில் நிற்கும், அதை நீலச் சாயல் உள்ள டோனர்தான் அடக்கும். அக்காவின் நுனிமுடி ஏற்கெனவே காய்ந்திருந்ததால் ஒரே நாளில் முடிக்காமல், இடையில் சில கிழமை விட்டு இரண்டு தடவையாகச் செய்தோம். கடைசியில் லேயர் கட், ப்ளோ ட்ரை. முடி இன்னும் கைக்கு மெத்தென்று இருக்கிறது, எங்களுக்கு நிறத்தை விட அதுதான் பெரிய சந்தோஷம்.

வீட்டில் சல்ஃபேட் இல்லாத ஷாம்பு பாவியுங்கள், சுடுதண்ணீரில் தலை முழுக வேண்டாம். கொழும்பு ஈரக்காற்றுக்கு ப்ளீச் போட்ட முடி சீக்கிரம் சிலிர்க்கும், ஈரமாக இருக்கும்போதே கொஞ்சம் சீரம் தடவிவிட்டால் போதும். நீச்சல் தடாகத்துக்குப் போகிறவர்கள் முதலே நல்ல தண்ணீரில் முடியை நனைத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஒரு விஷயம் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்: பாக்கெட் மருதாணி போட்டிருக்கிறீர்களா? சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும், அதற்கு மேல் ப்ளீச் பட்டால் முடி சூடேறி அறுந்துவிடலாம். அதற்காகவே முதலில் ஒரு சிறு கொத்து முடியில் பார்ப்போம். கலருக்கு 48 மணித்தியாலத்துக்கு முன் வந்து பேட்ச் டெஸ்டும் செய்துவிட்டுப் போங்கள், அவசரக் கல்யாணம் என்றாலும் இதை விடமாட்டோம்.

வெள்ளவத்தையில் லேடீஸ் சலூன் தேடுகிறவர்களுக்கு: காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறோம். பெண்கள் மட்டும்தான், ஹிஜாப் அணிகிறவர்களுக்குத் திரை போட்ட தனி அறை உண்டு. செவ்வாய் முதல் ஞாயிறு வரை, காலை 9.30 முதல் இரவு 7 வரை. விலை முடியின் நீளத்தையும் பழைய டையையும் பொறுத்தது, வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றை இன்பொக்ஸில் அனுப்புங்கள், தொகையைச் சொல்லிவிட்டுத்தான் புக்கிங் எடுப்போம்.

#கொழும்புசலூன் #வெள்ளவத்தை #பலயாஜ் #கேரமல்ஹெயார்கலர் #லேயர்கட் #லேடீஸ்சலூன்