‘தாச்சி’ உணவகம், வெள்ளவத்தை: திறப்புக் காணொளியின் எழுத்துப்படி

நீளம்: 2 நிமிடம் 30 விநாடி. மொழி: தமிழ். சிங்கள, ஆங்கில வசன வரிகள் உண்டு.
வெளியீடு: திங்கட்கிழமை காலை. உணவகத் திறப்பு: அதே வாரம் வெள்ளிக்கிழமை மாலை 6 மணி.

படப்பிடிப்புக் குழுவுக்கு முதலில் ஒன்று. இந்தக் காணொளிக்குப் பின்னணி இசை கிடையாது. வயலினும் வேண்டாம், பறையும் வேண்டாம். தாளிக்கும் ஒலி, கொத்தும் ஒலி, கொதிக்கும் ஒலி ஆகிய மூன்றும்தான் இசை. அவற்றை ஒழுங்காகப் பதிவு செய்தால் வேறெதுவும் தேவைப்படாது. ஒலிப்பதிவு நடக்கும்போது புகைபோக்கி விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் குளிர்சாதனப் பெட்டியை மறக்காமல் மீண்டும் போடுங்கள், உள்ளே நண்டு இருக்கிறது.

காட்சி 1. காலி வீதி, விடியற்காலை (0:00 – 0:18)

இன்னும் முழுதாக வெளிச்சம் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு முழுக்க ஓடி வந்த பஸ் வெள்ளவத்தையில் நிற்கிறது. பயணிகள் தூக்கக் கலக்கத்தோடு இறங்குகிறார்கள். நமக்கு வேண்டியது பஸ்ஸின் அடிப்பெட்டி. கதவு திறக்கிறது. சணல் கயிற்றால் கட்டிய முருங்கைக்காய்க் கட்டு, வெள்ளைச் சாக்கில் ஒடியல் மா, வாய் தைத்த பையில் கறித்தூள்.

அண்மைக் காட்சி: கறித்தூள் பையின் தையல் ஓரத்தில் கசிந்திருக்கும் செம்மண்ணிறத் தூள். அதைத் துடைக்க வேண்டாம்.

ஒலி: பஸ் இயந்திரம், அடிப்பெட்டிக் கதவு அடிபடும் ஓசை, நடத்துநர் குரல்: “தாச்சிக் கடைப் பொதி யாருக்கு? வந்து எடுங்கள் தம்பி!”

குரல் (பெண், ஐம்பது வயதுக்கு மேல், யாழ்ப்பாண உச்சரிப்பு, விளம்பரத் தொனி அறவே இல்லாமல்): “கறித்தூள் ஊரில்தான் இடிபடுகிறது. மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து இடித்த தூள். இரவு பஸ் ஏறினால் விடியக் கொழும்பு.”

காட்சி 2. சமையலறை, காலை (0:18 – 1:05)

காணொளியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்பட்டு வெட்டாதீர்கள்.

திருவலையில் தேங்காய் துருவும் கை. தேங்காய்ப்பூ கிண்ணத்தில் விழுகிறது. முதற்பால் ஒரு பாத்திரத்தில், கப்பிப்பால் இன்னொன்றில். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரட்டும், கெட்டியான பாலுக்கும் நீர்த்த பாலுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தாச்சி அடுப்பில் ஏறுகிறது. நல்லெண்ணெய். எண்ணெய் காயும் வரை ஒலி எதுவும் இல்லை. இந்த மூன்று விநாடி அமைதியை வெட்டிவிடாமல் அப்படியே வையுங்கள்.

ஒலி: கடுகு படபடவென்று வெடிக்கிறது. வெந்தயம் சேர்கிறது. உரித்த சின்ன வெங்காயம் விழுந்ததும் சொர்ரென்று ஒரு சீறல். ஈரம் சொட்டும் கறிவேப்பிலை விழுந்ததும் அதைவிடப் பெரிய சீறல். கறிவேப்பிலையை அப்போதுதான் கழுவியிருக்க வேண்டும். உலர்ந்த இலையில் இந்த ஒலி வராது.

(ஒலிப்பதிவாளருக்கு: மெதுவோட்டக் காட்சியைத் தனியாகவும் ஒலியைச் சாதாரண வேகத்தில் தனியாகவும் பிடியுங்கள். ஒலிவாங்கி தாச்சிக்கு ஒரு முழ தூரத்தில், பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் மேலே பிடித்தால் ஆவி ஏறிக் கெட்டுவிடும். ஒளிப்பதிவாளருக்கு: ஆவிக்குப் பின்னாலிருந்து விளக்கு வையுங்கள், பின்சுவர் இருட்டாக இருக்கட்டும். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் ஆவி காணாமல் போய்விடும்.)

நண்டு. துப்புரவாக்கிக் கால் உடைத்த நண்டுத் துண்டுகள் சட்டியில் விழும் கலகல ஓசை. கறித்தூள், உப்பு, பழப்புளிக் கரைசல், கப்பிப்பால். மூடி போட்டாயிற்று. அடுத்த காட்சியில் மூடி திறக்கிறது: நீலமும் பச்சையுமாக இருந்த ஓடு செம்மஞ்சளாகிவிட்டது, குழம்பு கொதகொதவென்று விளிம்பில் ஏறி இறங்குகிறது. முதற்பால் கடைசியில், நெருப்பைக் குறைத்த பிறகு. அதன்மேல் ஒரு கைப்பிடி முருங்கையிலை.

குரல்: “முதற்பால் விட்ட பிறகு கொதிக்க விடக்கூடாது. அம்மம்மா அடுப்படியில் நின்று சொன்னது. நாங்களும் அப்படியே செய்கிறோம்.”

தலைமைச் சமையற்காரர் அகப்பையிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிறார். அவர் முகத்தில் வருவது எதுவோ அதையே எடுங்கள். சிரிக்கச் சொல்லாதீர்கள். உப்புப் போதாது என்று அவர் சொன்னால் அதையும் வைத்துக்கொள்வோம். அப்படிச் சொல்லும் சமையற்காரரின் கையை நம்பி மக்கள் வருவார்கள்.

காட்சி 3. அதே சமையலறை, மற்றொரு மூலை (1:05 – 1:20)

நீத்துப்பெட்டி. பானையின் வாயில் குந்தியிருக்கும் பனையோலைப் பெட்டியிலிருந்து ஆவி மெல்லக் கிளம்புகிறது. சிவப்பு அரிசிமாப் புட்டு தட்டில் சரிகிறது. பக்கத்தில் வெந்தயமும் பச்சை மிளகாயும் மிதக்கும் சொதி.

குரல்: “சைவச் சமையலுக்கு அடுப்பு வேறு, தாச்சி வேறு, அகப்பையும் வேறு.”

இந்த ஒரு வரியை எக்காரணம் கொண்டும் நீக்க வேண்டாம். வெள்ளவத்தையில் வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் வீடுகள் ஏராளம். கடையின் உள்ளே காலெடுத்து வைப்பதற்கு முன் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

காட்சி 4. உணவுக்கூடம், மாலை (1:20 – 1:45)

காலி வீதிக்கும் மெரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை, இரண்டாம் மாடி. மேற்குப் பக்க ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கின்றன. கடலில் சூரியன் இறங்குகிறது. மெழுகிய சிவப்புத் தரையில் அந்த வெளிச்சம் நீளமாக விழுகிறது. வாசலில் குத்துவிளக்கு. சுவரில் பனையோலைப் பெட்டிகள் மட்டும். படங்கள் இல்லை, வாசகங்கள் இல்லை.

கரையோரப் பாதையில் ரயில் போகிறது. மேசையிலிருக்கும் தண்ணீர்க் குவளை சற்றே நடுங்குகிறது. ரயில் வரும் நேரத்தைக் கேட்டு வைத்துக் காத்திருந்து எடுங்கள், பிறகு ஒட்டிச் சேர்த்தால் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

மேசைகளில்: தாத்தா, பேரப்பிள்ளைகள் என்று ஒரு குடும்பம். அலுவலகம் விட்டு வந்த நான்கு பெண்கள். கொத்து ரொட்டிக்குக் காத்திருக்கும் ஒரு சிங்களத் தம்பதி. நண்டைக் கையால் உடைத்துச் சாப்பிடுபவர்களைத்தான் காட்ட வேண்டும். கரண்டியும் முள்ளும் இந்தக் காட்சிக்குள் வரக்கூடாது.

ஒலி: கொத்து. முதலில் தூரத்தில், உணவுக்கூடப் பேச்சுக்கு அடியில். பிறகு நெருங்கி வருகிறது.

காட்சி 5. கொத்துக் கல் (1:45 – 2:00)

கறுத்த இரும்புக் கல். இரண்டு தகடுகள். ரொட்டி, முட்டை, வெங்காயம், லீக்ஸ், மேலே ஓர் அகப்பை நண்டுக் குழம்பு. குழம்பு விழுந்ததும் கல் சீறுகிறது, தகடுகள் வேகம் பிடிக்கின்றன. டக்கட டக்கட, டக்கட டக்கட.

குரல் இல்லை. எழுத்து இல்லை. இந்த ஒலி கேட்டால் தெரு முனையில் நின்று திரும்பிப் பார்க்காதவர் இந்த ஊரில் இல்லை. பதினைந்து விநாடி முழுவதும் கொத்துக்காரத் தம்பிக்கே. அவருக்கென்று ஒரு தாளம் உண்டு. நிறுத்தி நிறுத்தி எடுக்காமல் ஒரே ஓட்டமாக எடுங்கள்.

கடைசித் தட்டல். உடனே தொலைபேசி மணி.

காட்சி 6. வரவேற்பு மேசை (2:00 – 2:18)

இளைஞர் ஒருவர் தொலைபேசியை எடுக்கிறார். முன்னால் கோடு போட்ட பதிவேடு, பேனா.

இளைஞர்: “வணக்கம், தாச்சி உணவகம்.”

பெண் குரல்: “தம்பி, வெள்ளி இரவு ஏழரைக்கு எட்டுப் பேருக்கு மேசை இருக்கிறதா?”

இளைஞர்: “இருக்கிறது அக்கா, ஜன்னல் பக்கமே தரலாம். நண்டு எத்தனை பேருக்கு?”

பெண் குரல்: “ஆறு பேருக்கு. அம்மாவும் மாமியும் அன்று சைவம்.”

இளைஞர்: “சரி அக்கா, இரண்டு பேருக்கும் தனிச் சமையல். சனிக்கிழமை மதியம் கூழும் இருக்கிறது. வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.”

பெண் குரல் (யாரிடமோ திரும்பி): “அம்மா, கூழாம்!”

பதிவேட்டில் பேனா ஓடும் அண்மைக் காட்சி. நடிப்பவர்கள் இந்த வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டாம். நிஜமாகவே ஒருவர் பக்கத்து அறையிலிருந்து அழைக்கட்டும், மற்றவர் எடுக்கட்டும்.

காட்சி 7. அழைப்பு (2:18 – 2:30)

பனையோலைப் பிளாவில் ஒடியல் கூழ் ஊற்றப்படுகிறது. இறால், நண்டு, மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் கண்ணில் படும்படி தடிப்பாக, மெதுவாக.

குரல்: “ஒடியல் மாவை ஊறவிட்டு, கசப்புப் போக நீர் மாற்றித்தான் கூழ் காய்ச்ச வேண்டும். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று தெரிந்தால்தான் அளவாக ஊறப்போடலாம். நண்டும் அப்படித்தான், அன்று வாங்குவது அன்றே முடிய வேண்டும். ஆகவே வருவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.”

திரையில் எழுத்து:

தாச்சி உணவகம், வெள்ளவத்தை
எதிர்வரும் வெள்ளிக்கிழமை மாலை 6 மணி முதல்
மதியம் 11.30 – 3.00, இரவு 6.00 – 10.30
ஒடியல் கூழ்: சனிக்கிழமை மதியம், முன்பதிவுக்கு மட்டும்
மேசை பதிவு: கீழே உள்ள அழைப்புப் பொத்தானைத் தொடுங்கள், நாங்களே எடுப்போம்

குரல்: “எட்டுப் பேரோ, ஒருவரோ, மேசை இருக்கிறது. அழையுங்கள்.”

தொகுப்பவருக்கு

30 விநாடிக் குறும்பதிப்பும் வேண்டும்: கறிவேப்பிலைச் சீறல், மூடி திறக்கும் நண்டு, கொத்தில் ஆறு விநாடி, “அம்மா, கூழாம்!”, பிறகு திரை எழுத்து. குரல் ஒரே ஒரு வரி: “அழையுங்கள்.”

கைத்தொலைபேசியில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக இரண்டு பதிப்பிலும் பேச்சு முழுவதையும் எழுத்தில் கொடுங்கள். சிங்கள வசன வரிகளை ஒரு சிங்களவரே எழுத வேண்டும். கூழுக்கும் சொதிக்கும் மாற்றுப் பெயர் தேடாமல் அப்படியே சிங்கள எழுத்தில் போடச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கடை திறந்த பிறகு “எதிர்வரும் வெள்ளிக்கிழமை” என்ற வரியை எடுத்துவிட்டு, “தினமும் மதியமும் இரவும்” என்று மாற்றி மறுபடி ஏற்றுங்கள்.