மருந்துக் கிடங்குக்கு இருப்புப் பொறுப்பாளர் தேவை

எங்கள் மொத்த விற்பனை மருந்துக் கிடங்கில் இருப்புப் பொறுப்பாளராக முழுநேரமும் வேலை செய்ய ஒருவர் தேவை. கிடங்கு மேலாளரான என்னிடம்தான் நேரடியாக வேலை. சரக்கு இறக்கும் இருவர், பில் போடும் ஒருவர், மருந்தாளுநர் ஒருவர் உடன் இருப்பார்கள். வாரத்தில் ஐந்து நாள், காலை 8 முதல் மாலை 5 வரை; நடுவில் ஒரு மணி நேரம் இடைவேளை. மாதக் கடைசி நாளில் மட்டும் கணக்கெடுப்பு இரவு 8 வரை போகும். அந்த நேரத்துக்குத் தனிச் சம்பளம் உண்டு.

இந்த வேலையில் கட்டாயம் செய்ய வேண்டியவை

வேலையின் பாதி, சரக்கு வாசலில் இறங்கும் நேரத்திலேயே முடிந்துவிடும். பெட்டியின் மேல் உள்ள மருந்தின் பெயர், வீரியம், பேட்ச் எண், காலாவதித் தேதி நான்கையும் இன்வாய்ஸோடு ஒப்பிட வேண்டும். 50 மில்லிகிராம் வர வேண்டிய இடத்தில் 500 வந்திருக்கும். பேட்ச் எண்ணில் B இருக்கும் இடத்தில் இன்வாய்ஸில் 8 என்று அடித்திருப்பார்கள். சந்தேகம் வந்தால் பெட்டியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மருந்தாளுநரிடம் சொல்ல வேண்டும். லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காகக் கையெழுத்துப் போட வேண்டாம். தாமதத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அலமாரியில் அடுக்கும்போது முதலில் காலாவதியாவது முன்னால் இருக்க வேண்டும். நேற்று வந்த பெட்டி, போன மாதம் வந்ததைவிட முன்பே காலாவதியாகக்கூடும். அதனால் வந்த வரிசையை நம்பி அடுக்க முடியாது.

குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையை ஒரு நாளைக்கு இருமுறை பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கீழே போனாலும் ஆபத்துதான்: இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. பார்க்க மறந்த வேளைக்கு ஒரு எண்ணை ஊகித்து எழுதாமல், பார்க்கவில்லை என்றே எழுதுங்கள்.

மாதக் கடைசியில் இருப்பை எண்ணிக் கணினிக் கணக்கோடு சரிபார்ப்பதும், காலாவதியானவற்றைத் தனியே பூட்டி வைப்பதும் இந்தப் பொறுப்பில் சேரும்.

இவை இல்லாமல் முடியாது

எழுத்தையும் எண்ணையும் பிழையில்லாமல் ஒப்பிடத் தெரிய வேண்டும். லேபிள்கள் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றைப் படித்தால் போதும், ஆங்கிலத்தில் பேச வேண்டியதில்லை. 15 கிலோ வரை உள்ள பெட்டிகளை இடம் மாற்ற வேண்டும். அதற்கு டிராலியும் லிஃப்டும் இருக்கின்றன, கையால் தூக்கத் தேவையில்லை. கணினியில் எண்களைப் பதிய வேண்டும். அவ்வளவுதான்.

பட்டம் கேட்கவில்லை. முந்தைய அறிவிப்பில் கேட்டிருந்தோம். இந்த வேலையில் பட்டப்படிப்பு எங்கே பயன்படுகிறது என்று உட்கார்ந்து யோசித்தபோது ஒரு இடம்கூட அகப்படவில்லை.

இருந்தால் நல்லது

மருந்துக் கடையிலோ கிடங்கிலோ வேலை பார்த்த அனுபவம், எக்செல் பழக்கம், பார்கோடு ஸ்கேனர் பயன்படுத்திய பழக்கம். மூன்றையுமே முதல் ஆறு வாரப் பயிற்சியில் கற்றுத் தருவோம். இவை இல்லை என்று யாருடைய விண்ணப்பத்தையும் ஒதுக்க மாட்டோம். மேலே சொன்ன கட்டாயத் தகுதிகள் இருந்து இவை ஒன்றுகூட இல்லாவிட்டாலும் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

யார் விண்ணப்பிக்கலாம்

வேலையைச் செய்ய முடிந்த எவரும். முன்பு இதே பதவிக்கு ‘துடிப்பான இளைஞர்கள் தேவை’ என்று போட்டிருந்தோம். பல ஆண்டுகள் மருந்துக் கடையில் இருந்த ஓர் அம்மா, “என்னைக் கூப்பிடவில்லை என்று நினைத்தேன்” என்று பின்னால் சொன்னார். அது எங்கள் தவறு. வயது, பாலினம், திருமண நிலை, சாதி, மதம் எதையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டாம்; புகைப்படமும் வேண்டாம். குடும்பப் பொறுப்புகளுக்காக இடையில் சில ஆண்டுகள் வேலையில் இல்லாதவர்களிடம் அதற்கு விளக்கம் கேட்க மாட்டோம். உடல் குறைபாடு உள்ளவர்கள் என்ன வசதி வேண்டும் என்று சொன்னால் நேர்காணலுக்கு முன்பே ஏற்பாடு செய்வோம். லேபிளைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி, உட்கார்ந்து சரிபார்க்க உயரம் மாற்றும் மேசை இரண்டும் இப்போதே இருக்கின்றன.

தேர்வு

இந்த அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதி, கிடங்கு அலுவலகத்தில் நேரிலோ தபாலிலோ கொடுங்கள். கையால் எழுதியதும் சரி. நேர்காணலில் எல்லாரிடமும் ஒரே கேள்விகள்தான். அப்புறம் ஒரு சிறு பயிற்சி: பத்துப் பெட்டிகளையும் ஓர் இன்வாய்ஸையும் தருவோம், வேறுபாடுகளைக் கண்டுபிடிக்க வேண்டும், அரை மணி நேரம். இந்தப் பதவிக்கு யார் வந்தாலும் ஒரே சம்பளம். அழைப்புக் கடிதத்திலேயே தொகை இருக்கும். முன்பு என்ன வாங்கினீர்கள் என்று கேட்க மாட்டோம். தேர்வாகாதவர்களுக்கும் காரணத்தோடு பதில் எழுதுவோம்.