பால் கொள்முதல் செயலி: முதல் வெளியீட்டுக்கான சோதனை உத்தி

எதற்காக, எதுவரை

கிராமப் பால் கூட்டுறவுச் சங்கங்களுக்காக நாம் உருவாக்கிவரும் ஆண்ட்ராய்டு செயலியின் முதல் வெளியீட்டுக்கு மட்டுமே இந்த ஆவணம் பொருந்தும். உறுப்பினர் ஊற்றும் பாலின் லிட்டர், கொழுப்பு, லாக்டோமீட்டர் அளவு ஆகியவற்றைச் சங்கச் செயலாளர் காலையும் மாலையும் பதிவு செய்வார். செயலி எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பல்லாத திடப்பொருளின் அளவையும் விலையையும் கணக்கிட்டு ரசீது அச்சிடும். இணைப்பு கிடைக்கும்போது பதிவைச் சர்வருக்கு அனுப்பும். முதலில் நான்கு சங்கங்களில் வெள்ளோட்டம் நடைபெறும்.

மூன்று டெவலப்பர்களும் ஒரு டெஸ்டரும் ஒரு தயாரிப்புப் பொறுப்பாளரும் கொண்ட குழுவால் எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் சோதிக்க இயலாது. ஆகவே உறுப்பினருக்குச் சேர வேண்டிய தொகை பிசகக்கூடிய இடங்களிலும், ஊற்றிய பாலுக்கான பதிவு தொலையக்கூடிய இடங்களிலும் நம் நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிடுகிறோம். அன்றாடக் குடும்பச் செலவுக்குப் பால் பணத்தையே நம்பியிருப்பவர்களின் கணக்கு இது என்பதால், இந்த முன்னுரிமையில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

விலைக் கணக்கு

தொகைகள் அனைத்தும் பைசாவில் முழு எண்ணாகச் சேமிக்கப்படும். இடைக்கணக்குகளுக்கு BigDecimal பயன்படும். மிதவைப் புள்ளி எண்களை இந்தப் பகுதியில் எங்கும் அனுமதிப்பதில்லை. 4.5 லிட்டருக்கு லிட்டர் 35.37 ரூபாய் வீதம் கணக்கிட்டால் 159.165 ரூபாய் வருகிறது. அரைப் பைசாவை மேல்நோக்கி முழுமையாக்குவது நம் விதி என்பதால் ரசீதில் 159.17 என வர வேண்டும். பட்டுவாடாத் தொகை, ஏற்கெனவே முழுமையாக்கப்பட்ட ரசீதுத் தொகைகளின் கூட்டலாகவே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ரசீதுகளைக் கூட்டிப் பார்க்கும் உறுப்பினருக்கும் சங்கப் பேரேட்டுக்கும் இடையே சில பைசாக்கள் இடிக்கும், அதன்பின் செயலியை யாரும் நம்பமாட்டார்கள்.

```kotlin
@Test
fun `அரைப்பைசா_மேல்நோக்கி`() {
    val amount = amountInPaise("4.5", "35.37")
    assertEquals(15917L, amount)
}
```

எஸ்.என்.எஃப். சூத்திரத்தில் கூட்டப்படும் மாறிலி எல்லா இடங்களிலும் ஒன்றாக இல்லை. எனவே அது நிரலில் எழுதப்படாமல் சங்கத்தின் அமைப்புகளில் இருக்கும். ஒவ்வொரு சங்கத்தின் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்த உண்மையான வரிகளைக் கொண்டு, கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்போம். விலைப்பட்டியல் மாறும் நாளில் காலைப் பாலுக்குப் பழைய விலையும் மாலைப் பாலுக்குப் புதிய விலையும் வருகிறதா என்பது தனிச் சோதனை.

நேரமும் இணைப்பும்

காலை 5:15 மணிக்கு ஊற்றிய பாலுக்கு சர்வரின் யு.டி.சி. நேரம் முந்தைய நாள் இரவு 11:45. தேதியை அந்த நேரத்திலிருந்து எடுத்தால் அதிகாலைப் பதிவுகள் எல்லாம் முதல் நாள் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே 5:29, 5:30 ஆகிய இரு நேரங்களுக்கும், பட்டுவாடாக் காலம் முடியும் நாளுக்கும் தானியங்கிச் சோதனை கட்டாயம்.

இணைப்பில்லாமல் எடுத்த பதிவு சர்வரை ஒரே ஒருமுறைதான் சேர வேண்டும். பதிவு சர்வரில் ஏறியபின் பதில் திரும்புவதற்குள் சிக்னல் போய், செயலி அதையே மீண்டும் அனுப்பும் நிலைமைதான் இதில் மிகவும் ஆபத்தானது. ஒவ்வொரு பதிவுக்கும் கைபேசியிலேயே ஒரு யு.யு.ஐ.டி. உருவாகும், அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிய வரி சேர்க்கக் கூடாது. இதை டெஸ்டர் உண்மையான கைபேசியில், அனுப்பும் நடுவில் விமானப் பயன்முறையை இயக்கியும் செயலியை வலுக்கட்டாயமாக நிறுத்தியும் ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் செய்து பார்ப்பார்.

கையால் பார்ப்பவை

வெப்ப அச்சுப்பொறிகளில் பல தமிழ் எழுத்துருவை ஏற்பதில்லை என்பதால் ரசீதைப் படமாக அனுப்புகிறோம். சங்கங்களில் உள்ள அதே அச்சுப்பொறியில், நீண்ட பெயர்களுடன் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்க் குறுஞ்செய்தி 70 எழுத்துக்குறிகளைத் தாண்டினால் இரண்டாகப் பிரிந்து செலவு கூடும். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படும் என்பதை நினைவில் கொண்டு வார்ப்புருவை அமைக்க வேண்டும்.

இப்போது செய்யாதவை

டேப்லெட் திரை, ஐஓஎஸ், பெருஞ்சுமைச் சோதனை ஆகியவை இந்த வெளியீட்டில் இல்லை. திரைகளுக்கான தானியங்கிச் சோதனைகளையும் எழுதப்போவதில்லை. வடிவமைப்பு வாரந்தோறும் மாறும் நிலையில் அவற்றைப் பராமரிக்கும் உழைப்பு வீணாகும்.

வெளியீட்டு முடிவு

ஒவ்வொரு நிரல் இணைப்புக் கோரிக்கையிலும் கீழ்க்கண்ட கட்டளை தேறிய பிறகே நிரல் சேர்க்கப்படும்.

```
./gradlew testDebugUnitTest
```

தொகையையோ பதிவையோ பாதிக்கும் பக் ஒன்று திறந்திருந்தாலும் வெளியீடு நிற்கும். அதை நிறுத்தும் அதிகாரம் டெஸ்டருக்கு உண்டு, மேல்முறையீடு இல்லை. மற்ற பக்குகளோடு வெளியிடலாமா என்பதைத் தயாரிப்புப் பொறுப்பாளர் தீர்மானித்து, காரணத்தை டிக்கெட்டில் எழுதுவார். வெள்ளோட்டத்தில் முதல் பட்டுவாடா முடியும்வரை சங்கங்கள் காகிதப் பதிவேட்டையும் சேர்த்தே எழுதும். இரண்டுக்கும் இடையே வரும் ஒவ்வொரு வேறுபாடும் ஒரு புதிய தானியங்கிச் சோதனையாக மாற்றப்படும். அந்தப் பட்டுவாடா முடிந்ததும் இந்த ஆவணத்தைக் குழு மறுபரிசீலனை செய்யும்.