வகுப்பறைப் புதையல் வேட்டை: அளவையும் திசையும் கற்பிக்கும் பாடக்குறிப்பு

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, சாட்ஸ்வொர்த், டர்பன். 5, 6ஆம் வகுப்பு, 24 பிள்ளைகள், நால்வராக 6 குழு, 60 நிமிடம்.

முன்தயாரிப்பு

அறை கிழக்கு மேற்காக 8 மீட்டர், வடக்கு தெற்காக 6 மீட்டர். 1:50 அளவையில் 1 செ.மீ. என்பது தரையில் 50 செ.மீ.; எனவே படம் 16 × 12 செ.மீ. கட்டத்தாளில் வரைந்து, கீழே அளவைக்கோட்டையும் போடுங்கள். நகலெடுக்கும்போது தாள் சுருங்கினால் 1:50 பொய்யாகிவிடும். கோடோ படத்தோடு சேர்ந்தே சுருங்கும்.

மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, 20 காகிதக் கோப்பைகளைத் தரையில் கவிழ்த்து வையுங்கள். ஆறு கோப்பைகளின் அடியில் மட்டும் தலா ஓர் எழுத்துச்சீட்டு: வ, ட, கி, ழ, க், கு. இடத்தைக் காலடியால் அல்ல, டேப்பால் அளந்து குறியுங்கள்.

வடக்கைக் கண்டுபிடித்தல் (10 நிமிடம்)

பகல் 12 மணியை ஒட்டி முற்றத்தில் ஒரு குச்சியை நட்டால், டர்பனில் நிழல் தெற்கே விழும். இந்தியப் பாடநூலில் படித்த பிள்ளை வடக்கே என்பான்; சூரியன் இங்கே வடபுறமாகச் செல்வதை அவனே பார்க்கட்டும்.

திசைகாட்டியை மட்டும் நம்ப வேண்டாம். இப்பகுதியில் முள் உண்மை வடக்கிலிருந்து சுமார் 25 பாகை மேற்கே நிற்கும். எட்டுத் திசைகளுக்கு இடையே 45 பாகைதான் என்பதால், முள் காட்டுவது வடக்கைவிட வடமேற்குக்கே நெருக்கம். இரும்பு அலமாரி அருகே இன்னும் பிசகும். முள்ளுக்கு வலப்புறம் 25 பாகை திருப்பி, வடக்குச் சுவரில் பெரிய ‘வ’ ஒட்டுங்கள்.

வேட்டை (30 நிமிடம்)

சிவப்புக் குழுவின் அட்டை:

"தென்மேற்கு மூலையிலிருந்து கிழக்கே 6 செ.மீ. பிறகு வடக்கே 5 செ.மீ. வடகிழக்கே 4 செ.மீ. மேற்கே 4 செ.மீ. கோப்பையைத் திறக்கவும்."

முதலில் படத்தில் கோடு வரைய வேண்டும். அதன் பிறகே டேப். தரையில் நடப்பது 3, 2.5, 2, 2 மீட்டர். விடை 25 செ.மீ.க்குள் இருந்தால் சரி.

வழக்கமாகச் சறுக்கும் இடம் வடகிழக்கு. 4 செ.மீ. என்றதும் மூலைவாட்டில் நான்கு கட்டங்களை எண்ணிவிடுவார்கள். ஒரு கட்டத்தின் மூலைவிட்டம் 1.4 செ.மீ.; அப்படி எண்ணினால் தரையில் 83 செ.மீ. தள்ளிப்போகும். அந்தத் தவறான இடத்திலும் ஒரு வெற்றுக் கோப்பை வையுங்கள்! திறந்து ஏமாந்ததும் "ரூலரை வைத்துப் பார்" என்றால் போதும், தானே பிடிபடும். ரூலரின் விளிம்பிலிருந்து அளப்பது அடுத்த தவறு. பூஜ்யக் கோட்டைக் காட்டுங்கள்.

திரும்பி நின்றவன் "கிழக்கு என்றால் வலப்பக்கம்" என்பான். அவனைத் திருப்பாதீர்கள், அவன் கையிலுள்ள படத்தை, அதன் வடக்கு சுவரின் ‘வ’வைப் பார்க்கும்படி திருப்பச் சொல்லுங்கள். இந்தப் பழக்கம் ஒன்று படிந்தாலே பாடம் வெற்றி.

ஆறு எழுத்தும் சேர்ந்தால் ‘வடகிழக்கு’. அந்த மூலை அலமாரியில் பரிசு.

முடிவுக் கேள்வி (10 நிமிடம்)

1:50 000 நிலப்படத்தில் இரு பாலங்களுக்கு இடையே 4 செ.மீ.; உண்மைத் தூரம் என்ன? விடை: 2 கி.மீ. "200 மீட்டர்" என்பவர் சென்டிமீட்டரை மீட்டராக்கும்போது பூஜ்யம் விட்டவர்; அவரோடு 4 × 50 000 = 2 00 000 செ.மீ. என்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.