இதயம்: சாரின் 41 நிமிடப் பாடம், கிளைப் படமாக

தம்பி, பதிவை மூன்று தடவை கேட்டு எழுதியிருக்கிறேன். சார் சொன்ன வரிசையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், ஏனென்றால் உனக்குப் படம் முதலில் வேண்டும். ஏ3 தாளைக் குறுக்காக வை. நீலம், சிவப்பு, பச்சை, பென்சில் நான்கும் போதும். அடைப்புக்குறிக்குள் இருப்பது பதிவின் நிமிடம். புரியாவிட்டால் அங்கே போய்க் கேள்.

நடுவில்: உன் மூடிய கை அளவுக்கு ஒரு இதயம், நான்கு அறைகள்

- மேலே இரண்டு சின்ன அறைகள்: ஆரிக்கிள். வாங்குபவை.
- கீழே இரண்டு பெரிய அறைகள்: வெண்ட்ரிக்கிள். தள்ளுபவை.
- வரையும் முன் (3:10): படத்தில் இருப்பவர் உன்னைப் பார்த்து நிற்கிறார். அவருடைய வலது, உன் தாளில் இடப்பக்கம். தாளின் இரு ஓரத்திலும் இப்போதே "வலது", "இடது" என்று எழுதிவிடு. போன பரீட்சையில் உனக்கு மார்க் போனது இங்கேதான்.

நீலக் கிளை: வலப்பக்கம் (6:30)

- மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை → ஆக்சிஜன் குறைந்த ரத்தம்
  - → வலது ஆரிக்கிள்
    - → வலது வெண்ட்ரிக்கிள்
      - → நுரையீரல் தமனி → நுரையீரல்
- இங்கே ஒரு நட்சத்திரம் போடு. "தமனி என்றால் சிவப்பு" என்று மனப்பாடம் செய்தவர்கள் எல்லாம் தடுக்கி விழும் இடம் இது. இதயத்தை விட்டு வெளியே போனால் தமனி, உள்ளே வந்தால் சிரை. நிறத்தை வைத்துப் பெயர் இல்லை, திசையை வைத்துத்தான். ஆகவே நுரையீரல் தமனிக்கு நீலமே அடி.

சிவப்புக் கிளை: இடப்பக்கம் (11:45)

- நுரையீரல் சிரைகள் → இடது ஆரிக்கிள் → இடது வெண்ட்ரிக்கிள் → பெருந்தமனி → உடல் முழுதும்
- இடது வெண்ட்ரிக்கிளின் சுவரை மட்டும் தடிமனாக வரை, வலதைப் போல மூன்று மடங்கு.
  - காரணம்: வலதுக்குப் பக்கத்து வீடான நுரையீரல் வரை தள்ளினால் போதும், இடது, உச்சந்தலை முதல் கால் விரல் வரை தள்ள வேண்டும்.

பச்சைக் கிளை: வால்வுகள் (17:20)

- வலது ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவே: மூவிதழ் வால்வு
- இடப்பக்கம் அதே இடத்தில்: ஈரிதழ் வால்வு
- வெளியே போகும் இரண்டு வாசல்களில்: அரைச்சந்திர வால்வுகள்
- வேலை ஒன்றுதான், ரத்தம் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது.
- ஒலி: முதல் இரண்டும் மூடினால் "லப்". அரைச்சந்திர வால்வுகள் மூடினால் "டப்". அந்தந்த வால்வின் பக்கத்திலேயே இந்தச் சொல்லை எழுது.

பென்சில் கிளை: துடிப்பு (23:00)

- தொடங்குவது வலது ஆரிக்கிள் சுவரில் உள்ள சைனோ ஏட்ரியல் கணு. ஒரு சின்ன மின்னல் குறி போடு.
- ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 72. ஒரு துடிப்புக்கு 0.8 நொடி.

தனிக் கிளை: ஹார்வி (27:15)

சார் கடகடவென்று சொல்லிப் போனார், ஆனால் எனக்குப் பாடத்திலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான். அதனால் பெரிதாகவே வைத்திருக்கிறேன்.

- ஹார்விக்கு முன்பு நம்பியது: கல்லீரல் ரத்தத்தை ஓயாமல் உண்டாக்குகிறது, உடல் அதைத் தீர்த்துவிடுகிறது. பழங்காலக் கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னது, ஆயிரம் வருஷத்துக்கு மேல் நின்றது.
- ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி, 1628: கணக்குப் போட்டார்.
  - இன்றைய எண்களில் நீயே போடு: ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி × 72 = 5,040 மில்லி. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர்!
  - ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர். சாப்பாட்டிலிருந்து இவ்வளவு ரத்தத்தை எந்தக் கல்லீரலும் உண்டாக்க முடியாது. அப்படியானால் அதே ரத்தம்தான் சுற்றுகிறது.
- கையில் பார்ப்பது: முழங்கைக்கு மேல் துணியை லேசாகக் கட்டு, சிரைகள் புடைக்கும். ஒரு சிரையை விரலால் அழுத்தி, இன்னொரு விரலால் தோள் பக்கமாக நீவு. அழுத்திய விரலை எடுக்கும்வரை அந்த இடம் தட்டையாகவே இருக்கும். மேலிருந்து ரத்தம் இறங்காது. உள்ளே வால்வு தடுக்கிறது. நான் செய்து பார்த்தேன், தெளிவாகவே தெரிந்தது. பார்த்ததும் கட்டை அவிழ்த்துவிடு.
- ஹார்விக்குத் தெரியாத ஒரு துண்டு: தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படிப் போகிறது? புள்ளிக்கோடாக வரை. அவர் இறந்து நான்கு வருஷம் கழித்து, 1661இல், இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியாகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் மிக மெல்லிய குழாய்களான தந்துகிகளைக் கண்டார். இப்போது புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக்கு.

சாரின் கடைசிக் கேள்வி (39:50)

இடது வெண்ட்ரிக்கிளில் கிளம்பும் ஒரு துளி, திரும்ப அங்கேயே வர இதயத்தின் எத்தனை வால்வுகளைத் தாண்டும்? புத்தகத்தைத் திறக்காதே. உன் படத்தில் விரலை வைத்துப் போ, பச்சையைத் தொடும்போதெல்லாம் எண்ணு. நான்கு வர வேண்டும்.