அப்பள விலை, உளுந்து மாவு விலை: மாத லாபம் எப்படி மாறும்?

கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனி, மொத்த விற்பனைக் கணக்கு

அண்ணாச்சி, மாதம் 1,500 கிலோ அப்பளம் என்று வைத்துப் போட்டிருக்கிறேன். கிலோவுக்கு 900 கிராம் மாவு. கூலி 55 ரூபாய். உப்பு, காரம், எண்ணெய், பாக்கெட் 14 ரூபாய். வாடகை, கரண்ட், கடன் தவணை மாதம் 36,000 ரூபாய். அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது.

மாத லாபம் (ரூபாயில்)

| மாவு விலை (கிலோ) | அப்பளம் 230 | அப்பளம் 240 | அப்பளம் 250 |
|---|---|---|---|
| 120 | 43,500 | 58,500 | 73,500 |
| 130 | 30,000 | 45,000 | 60,000 |
| 140 | 16,500 | 31,500 | 46,500 |
| 150 | 3,000 | 18,000 | 33,000 |
| 160 | −10,500 | 4,500 | 19,500 |

இன்றைய அப்பள விலை 240 ரூபாய்.

மாவு 10 ரூபாய் ஏறினால் 13,500 போகும். அதை ஈடுகட்ட அப்பளத்தில் 9 ரூபாய் ஏற்றினால் போதும். விலையைத் தொடாமல் 240-லேயே இருந்தால், மாவு 163 ரூபாயைத் தாண்டியதும் கைக்காசு போட வேண்டியதுதான்.

கடைக்காரர்கள் சரக்கைக் குறைத்துவிடுவார்களே என்று தயங்குகிறீர்கள். மாவு 140-க்குப் போனபின் 250-க்கு விற்றால், 1,228 கிலோ ஓடினாலே 240-க்கு 1,500 கிலோ விற்ற அதே 31,500 வந்துவிடும். அதாவது 272 கிலோ வரை குறையலாம். அவ்வளவு குறையாது என்றே நினைக்கிறேன். 230-க்கு மட்டும் இறங்க வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காயப்போட வெயில் இருக்காது, 1,500 கிலோ வராது. அந்த மாதங்களுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. தனியாகப் போட்டுத் தருகிறேன்.