ஜூன் சம்பளம்: 17 பேருக்குப் பாதித் தொகை தாமதம், ஜூலை 16 வியாழக்கிழமை முழுவதும் தீர்க்கப்படும்

தேதி: 4 ஜூலை 2026, சனிக்கிழமை
பெறுநர்: சிஎன்சி, விஎம்சி, கிரைண்டிங், இன்ஸ்பெக்‌ஷன், ஸ்டோர், ஆபீஸ், இரண்டு ஷிப்டும் சேர்த்து 31 பேர்

எல்லோருக்கும் வணக்கம்.

ஜூலை 7 செவ்வாய்க்கிழமை வர வேண்டிய ஜூன் மாதச் சம்பளத்தை எல்லோருக்கும் முழுதாகப் போட முடியவில்லை. 14 பேருக்கு அன்றே முழுச் சம்பளம் வரும். மீதி 17 பேருக்கு அன்று பாதி, மறுபாதி ஜூலை 16 வியாழக்கிழமை மாலை 5 மணிக்குள். இதற்கு உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஏழாம் தேதியை நம்பித்தான் வாடகை, இஎம்ஐ, சீட்டு, பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் வைத்திருக்கிறீர்கள் என்பது தெரியும். செவ்வாய்க்கிழமை மொபைலைப் பார்த்து நீங்களாகத் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் மூன்று நாள் முன்னாலேயே சொல்கிறேன்.

என்ன நடந்தது

மே மாதம் பம்ப் கம்பெனிக்கு 6,000 பேரிங் ஹவுசிங் மூன்று லோடாக அனுப்பினோம். பில் தொகை ஜிஎஸ்டி சேர்த்து ₹9,20,400. அந்தப் பணம் ஜூன் 30 அன்று வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

மே 11 அன்று பீஸ் ரேட் ₹130-லிருந்து ₹126 ஆகக் குறைந்தது. அந்தத் திருத்திய ஆர்டரில் கையெழுத்துப் போட்டது நான். அதை பில்லிங்குக்குச் சொல்லாமல் விட்டதும் நான். மூன்று பில்லும் பழைய ரேட்டிலேயே போயின. அவர்கள் சிஸ்டத்தில் ஆர்டர் ரேட்டும் பில் ரேட்டும் ஒத்துப்போகாவிட்டால் பில் நகராது. சரக்கு இறங்கி ஸ்டோரில் வரவு வைத்திருந்தாலும் அப்படியே நிற்கும். ஜூன் 19 அன்று இதைச் சொல்லி அவர்கள் அனுப்பிய மெயிலையும் இங்கே யாரும் கவனிக்கவில்லை. அந்த இன்பாக்ஸை யார் தினம் பார்ப்பது என்று நான் முடிவு செய்து வைத்திருக்கவில்லை. ஜூலை 2 மதியம் நாமே போன் செய்து கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

ஆகவே அக்கவுண்ட்ஸில் இருப்பவரிடம் யாரும் போய்க் கேள்வி கேட்க வேண்டாம். பம்ப் கம்பெனி மேலும் தப்பில்லை. லோடு இறக்கப் போகும்போது அவர்கள் ஸ்டோர் ஆட்களிடம் இதைப் பற்றிக் குறைப்பட்டுப் பேசவும் வேண்டாம்.

உங்கள் வேலையில் எந்தக் குறையும் இல்லை. அந்த 6,000-ல் ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகவில்லை. ஆர்டரும் குறையவில்லை, ஜூலை ஷெட்யூல் போர்டில் இருக்கிறபடியேதான் ஓடும். ஆள் குறைக்கும் பேச்சு எதுவும் இல்லை. டீக்கடையில் வேறு மாதிரி காதில் விழுந்தால் நேராக என்னிடம் வந்து கேளுங்கள்.

கையில் இருக்கும் பணம்

31 பேருக்கும் கைக்கு வர வேண்டிய ஜூன் சம்பளம் மொத்தம் ₹7,06,000. ஓவர்டைமும் இதில் அடக்கம். இன்று கம்பெனிக் கணக்கில் இருப்பது ₹6,20,000. அதில் பிஎஃப், இஎஸ்ஐ கட்ட ₹1,18,000 ஒதுக்கியாகிவிட்டது. அதைத் தொடப் போவதில்லை. உங்கள் சம்பளத்தில் பிடித்த பணமும் அதில் இருக்கிறது. மிச்சம் ₹5,02,000.

கைக்கு ₹20,000-க்குள் வாங்கும் 14 பேருக்கு முழுச் சம்பளம் ₹2,38,000. மற்ற 17 பேருக்குப் பாதி ₹2,34,000. ஆக, 7-ஆம் தேதி ₹4,72,000 போகும். கையில் ₹30,000 நிற்கும். அது எதற்கு என்று கீழே சொல்கிறேன். ஜூலை 16 அன்று தர வேண்டிய பாக்கி ₹2,34,000.

இந்த ₹20,000 கோட்டில் ஒரு குறை இருக்கிறது. ₹19,500 வாங்குபவருக்கு முழுசும் வரும், ₹20,500 வாங்குபவருக்குப் பாதிதான் வரும். கோட்டை ஒட்டி மேலே இருப்பது இரண்டு பேர். அந்த ₹30,000-ல் முதல் உரிமை அவர்களுக்கு. யார் யார் எந்தப் பக்கம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்ட மாட்டோம். அவரவர் தொகை அவரவர் மொபைலுக்குத் திங்கட்கிழமை மதியத்துக்குள் வரும். பங்குதாரர்கள் இரண்டு பேரும் உங்கள் பாக்கி முழுதும் தீரும்வரை ஒரு ரூபாய் எடுக்க மாட்டோம்.

16-ஆம் தேதி ஏன் மாறாது

ரேட் வித்தியாசம் ₹28,320-க்கு கிரெடிட் நோட் நேற்றே போய்விட்டது. மூன்று பில்லும் ஏற்கப்பட்டதாக நேற்று மாலை அவர்கள் போர்ட்டலில் காட்டுகிறது. அவர்கள் மாதம் இரண்டு முறைதான் பணம் போடுவார்கள், 15-ம் 30-ம். அதனால் ₹8,92,080 ஜூலை 15 புதன்கிழமை வர வேண்டும்.

ஆனால் 16-ஐ நான் அந்தப் பணத்தை நம்பிச் சொல்லவில்லை. பங்குதாரர்கள் இருவர் பெயரிலும் சேர்த்து ₹6,00,000 ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. அதை வைத்து ஓவர்டிராஃப்ட் எடுக்க பேங்கில் விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. இருவரும் நேரில் கையெழுத்துப் போட வேண்டும்; ஒருவர் வெளியூரில் இருக்கிறார், 12 ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புகிறார். 13 திங்கள் கையெழுத்து, அதிலிருந்து பேங்க் கேட்டிருப்பது இரண்டு நாள். பம்ப் கம்பெனி பணம் வந்தாலும் வராவிட்டாலும் 16 அன்று உங்கள் பாக்கி வரும். 14 என்று சொல்லிவிட்டு மறுபடி தள்ளிப்போட விரும்பாததால்தான் 16 என்கிறேன்.

வெளியே வட்டிக்கு வாங்கி 7-ஆம் தேதியே கொடுத்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். கேட்டது நியாயம். அந்த வட்டி ஆகஸ்ட் சம்பளத்தைக் கடித்துவிடும் என்பதால் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இஎம்ஐ, வாடகை, சீட்டு

ஜூலை 7 முதல் 16 வரை யாருக்காவது இஎம்ஐ கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் என்றால், தேதியையும் தொகையையும் திங்கள் (ஜூலை 6) மாலை 5 மணிக்குள் அக்கவுண்ட்ஸில் சொல்லுங்கள். பாதிச் சம்பளம் அதற்குப் போதாவிட்டால், குறையும் தொகையை அந்த ₹30,000-லிருந்து முன்கூட்டியே போட்டு 16-ஆம் தேதி பாக்கியில் கழித்துக்கொள்வோம். பணம் இஎம்ஐ தேதிக்கு முதல் நாள் இரவே கணக்கில் இருக்க வேண்டும். பல பேங்குகளில் விடிகாலையிலேயே பிடித்துவிடுவார்கள். மதியம் போட்டு பிரயோஜனமில்லை.

அதையும் மீறி பவுன்ஸ் ஆனால் இரண்டு இடத்தில் அபராதம் விழும்: உங்கள் பேங்க் ஒன்று, கடன் கொடுத்த கம்பெனி ஒன்று. எஸ்எம்எஸ் அல்லது ஸ்டேட்மென்ட்டைக் காட்டுங்கள், முழுவதையும் கம்பெனி தரும். பவுன்ஸ் ஆன தவணையைச் சில கம்பெனிகள் அதே மாதம் திரும்பவும் பிடிக்கப் பார்ப்பார்கள். அதனால் கணக்கைத் துடைத்து எடுத்துவிடாதீர்கள். சீட்டுக்கும் நகைக்கடனுக்கும் தாமதக் கட்டணம் விழுந்தால் ரசீது கொண்டு வாருங்கள், அதையும் தருகிறோம். வீட்டு ஓனரிடம் காட்ட லெட்டர்ஹெட்டில் கடிதம் வேண்டுமென்றால் ஆபீசில் கேளுங்கள், அன்றே கிடைக்கும்.

இது தவிர, தாமதமாகும் 17 பேருக்கும் தலா ₹500 பாக்கியோடு சேர்ந்து வரும். ஒன்பது நாளுக்கு வட்டி போட்டால் நூறு ரூபாய்கூட வராது. உங்களுக்கு ஆகும் அலைச்சல் அதைவிட அதிகம்.

பணம் வரும் விதம்

7-ஆம் தேதிக்கான ஃபைல் காலை 10 மணிக்கு பேங்கில் ஏறும். பெரும்பாலும் மதியத்துக்குள் வந்துவிடும். மாலை 6 மணிக்கும் வரவில்லை என்றால் அக்கவுண்ட்ஸ் மொபைலுக்குக் கூப்பிடுங்கள். சமீபத்தில் கணக்கை மாற்றியவர்கள், பேங்க் இணைப்பால் ஐஎஃப்எஸ்சி மாறியவர்கள் பாஸ்புக் முதல் பக்கத்தை இன்றே காட்டிவிடுங்கள். பணம் திரும்பிப் போவது பெரும்பாலும் இதனால்தான். 16-ஆம் தேதி ஃபைல் காலை 11 மணிக்கு ஏறும். ஏறியதும் வாட்ஸ்அப் குரூப்பில் சொல்கிறேன்.

சம்பளச் சீட்டு ஒன்றுதான் வரும். அதில் முழுச் சம்பளமும், இரண்டு தடவை போட்ட தொகையும் தேதியும் தனித்தனியே இருக்கும். பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் முழுச் சம்பளத்துக்கே கணக்கிட்டு ஜூலை 15-க்குள் கட்டப்படும். இஎஸ்ஐ மருத்துவமனையில் உங்களுக்கோ வீட்டாருக்கோ எந்தத் தடையும் வராது.

மாதச் சம்பளத்தை 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் பரவாயில்லை என்று சொன்னாலும் தாமதம் தாமதம்தான். அதனால் யாரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்க மாட்டோம். யாராவது வந்து கேட்டால் போடாதீர்கள்.

இனி

ரேட்டோ ஆர்டரோ மாறினால் அன்றே பில்லிங்குக்கு நகல் போகும்; அந்த நகல் இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒவ்வொரு புதன்கிழமையும் அனுப்பிய எல்லா பில்லும் எந்த நிலையில் இருக்கிறது என்று போர்ட்டலில் பார்ப்பது அக்கவுண்ட்ஸ் வேலை. நின்றுபோன பில் இருந்தால் அன்று மாலையே எனக்கு வர வேண்டும். ஒரு மாதச் சம்பளம் தனிக் கணக்கில் எப்போதும் இருக்கும்படி செய்ய ஆகஸ்ட்டிலிருந்து மாதம் ₹75,000 ஒதுக்கத் தொடங்குகிறோம். முழுதும் சேர பத்து மாதம் ஆகும். அதுவரை அந்த டெபாசிட் ஓவர்டிராஃப்ட் தயாராக இருக்கும். ஜூலை மாதச் சம்பளம் வழக்கம்போல ஆகஸ்ட் 7 வெள்ளிக்கிழமை.

இன்று மாலை 5:45 ஷிப்ட் மாறும்போது இன்ஸ்பெக்‌ஷன் டேபிள் பக்கத்தில் இருப்பேன். இதையே இந்தியில் சூப்பர்வைசர் சொல்வார். எல்லோர் முன்னாலும் கேட்க முடியாத விஷயம் இருந்தால் திங்கள் காலை 8 முதல் 10 வரை ஆபீசில் தனியாக வந்து சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு போல அவசரம் இருந்தால் திங்கள்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே போன் செய்யுங்கள்.

நிர்வாகப் பங்குதாரர்
குறிச்சி சிட்கோ, கோயம்புத்தூர்